கூட்ட நேரத்திலும் நிதானமாக முன்பதிவையும் பில்லையும் பார்க்கும் வரவேற்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கல்லடியில் 12 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். முன்பதிவும் பில்லும் பார்க்க வைத்த இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நான்கு பேர் ஒன்றாக வந்து நின்றால் பதறிக் கணக்கைப் பிழைக்க விட்டுவிடுகிறார்கள். அடுத்தவரை எடுக்கும்போது வேலை விவரணத்தில் என்ன எழுத வேண்டும், என்ன பரீட்சை வைக்கலாம்?

பதில்: அந்த இருவரும் எந்த இடத்தில் பதறினார்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். விருந்தினர் விலையைக் குறைக்கச் சொன்னபோதா, முற்பணம் கட்டிவிட்டதாகச் சாதித்தபோதா, நேரத்தோடு வந்து அறை கேட்டபோதா? இந்த மூன்று இடங்களிலும் முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய வாய் மட்டும் வரவேற்பாளருடையதாக இருக்கிறது. நீங்கள் தொலைபேசியை எடுக்காத அந்தப் பத்து நிமிடத்தில் யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வார்கள். ஆகவே வேலை விவரணத்தில் "பொறுமையும் இன்முகமும் உடையவர்" என்று எழுதுவதற்கு முன்பு, அவர் உங்களைக் கேட்காமல் எவற்றைத் தீர்மானிக்கலாம் என்பதைத் தொகையோடு எழுதுங்கள்.

அந்தப் பகுதி இவ்வாறு அமையலாம்: அறையில் குறை இருந்ததாக விருந்தினர் முறையிட்டால், அதை நேரில் பார்த்து உறுதி செய்தபின் 4,000 ரூபாய் வரை வரவேற்பாளரே கழித்துக் கொடுக்கலாம், ஆனால் காரணத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அறை வெறுமையாக இருந்தால் விடியற்காலையில் வருபவரை மேலதிகக் கட்டணமின்றிக் காலை 8 மணியிலிருந்து உள்ளே விடலாம். முற்பணம் கணக்கில் வந்து சேர்ந்ததைத் தானே பார்க்காமல் பில்லில் கழிக்கக் கூடாது. இவற்றுக்கு மேற்பட்டவை உங்களிடம் வர வேண்டும், நீங்கள் கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்ற இரண்டாவது பெயரும் அதில் இருக்க வேண்டும். தொகைகளை உங்கள் விடுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் தொகை இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். தமிழில் தெளிவாகப் பேசவும் எழுதவும் வேண்டும், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் குடும்பங்களுக்காகச் சிங்களத்தில் விலையும் நேரமும் சொல்லத் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் வரும் வாட்ஸ்அப் செய்திக்குப் பிழையின்றிப் பதில் எழுத வேண்டும். கடமை நேரம், ஓய்வு நாள், இரவுக் கடமை உண்டா இல்லையா என்பவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். சம்பளத்தோடு, ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் பங்கு 8 வீதம் என்பதையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் கட்டும் 3 வீதத்தையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டாம்: லாச்சியில் காசு குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்ற வரியை. அந்த வரி இருக்கும் இடத்தில் 500 ரூபாய் பிழைத்தவர் அதைச் சொல்லமாட்டார், அடுத்த பில்லில் சரிக்கட்டப் பார்ப்பார், பிறகு எந்தக் கணக்கையும் உங்களால் நம்ப முடியாது.

இனிப் பரீட்சைக்கு வருவோம். முன்பு ஒரு விடுதிக்காக ஆள் எடுக்க உதவியபோது, கோபமுள்ள விருந்தினரைப் போல நடித்து விண்ணப்பதாரிகளை உரத்த குரலில் ஏசிப் பார்த்தேன். அன்று வந்தவர்களில் கணக்கிலும் மொழியிலும் மிகச் சிறந்த பெண் மரியாதையாக எழுந்து விடைபெற்றுச் சென்றார், மறுபடி அழைத்தும் வரவில்லை. ஏச்சைத் தாங்கும் திறனை அளந்து எனக்குப் பயனுள்ள எதுவும் தெரியவரவில்லை. முன்மேசையில் உண்மையில் நடப்பது இடையூறுதான்: ஒரு வேலை பாதியில் நிற்கும்போது இன்னொன்று வருகிறது. விட்ட இடத்துக்கு அவர் எப்படித் திரும்புகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம் போதும்.

முதல் பத்து நிமிடத்துக்கு, 12 அறைகளையும் ஏழு இரவுகளையும் கட்டமிட்ட ஒரு தாளைக் கொடுத்து, மூன்று முன்பதிவுகளை அதில் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்று, "15 ஆம் திகதி வந்து 17 ஆம் திகதி போகிறோம்" என்ற செய்தியாக இருக்கட்டும். அது இரண்டு இரவு, ஆனால் பலர் மூன்று கட்டங்களை நிரப்பி 17 ஆம் திகதி இரவைச் சும்மா மூடிவிடுவார்கள். இன்னொன்று, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து 16 ஆம் திகதி விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கி உடனே படுக்க விரும்புபவருடையதாக இருக்கட்டும். அவருக்கு 15 ஆம் திகதி இரவும் வேண்டும், இல்லையேல் காலை வரை காத்திருக்க வேண்டும். நல்ல விண்ணப்பதாரி இதைத் தானாக எழுதிவிடமாட்டார், எந்த இரவிலிருந்து அறை வேண்டும் என்று உங்களிடம் கேட்பார். மூன்றாவது முன்பதிவுக்குத் தாளில் இடமே இல்லாதபடி செய்துவையுங்கள். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டிய நாட்களில் ஊரில் அறை தேடி அலைபவர்களை நினைத்தால் இது ஏன் என்பது விளங்கும். இடமில்லை என்று தெளிவாகச் சொல்கிறாரா, அல்லது "பார்த்துச் சொல்கிறேன்" என்று தட்டிக்கழிக்கிறாரா என்று கவனியுங்கள். பிந்தியவரை எடுத்தால், பார்த்துச் சொல்லும் வேலை உங்களிடம்தான் வந்து சேரும்.

அடுத்த இருபது நிமிடம் ஒரு பில்லுக்கு. கணக்கு இதுதான்: ஒரு குடும்பம் இரண்டு அறைகளில் இரண்டு இரவு தங்கியது, குளிரூட்டிய அறை இரவுக்கு 12,000 ரூபாய், சாதாரண அறை 8,500 ரூபாய். சாப்பாடு 11,000 ரூபாய். முதல் இரவு குளிரூட்டி வேலை செய்யாததால் அந்த ஓர் இரவுக்குச் சாதாரண அறையின் விலையே எடுப்பதென்று முதலாளி ஒத்துக்கொண்டார். சேவைக் கட்டணம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 10 வீதம். முற்பணம் 15,000 ரூபாய் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. மிகுதி எவ்வளவு?

அறைகளுக்கு 41,000, அதில் 3,500 கழித்தால் 37,500. சாப்பாட்டைச் சேர்த்தால் 48,500. சேவைக் கட்டணம் 4,850 சேர 53,350. முற்பணம் போக மிகுதி 38,350 ரூபாய். பிழையான விடை வந்தாலும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏனெனில் பிழை எங்கே நடந்தது என்பதை அந்தத் தொகையே சொல்லும். 36,850 என்று எழுதியவர் முற்பணத்தைக் கழித்த பிறகு சேவைக் கட்டணத்தைப் போட்டிருக்கிறார், அதில் உங்களுக்கு 1,500 ரூபாய் நட்டம். 38,700 என்று எழுதியவர் கழிவைக் கடைசியில் கொடுத்திருக்கிறார், அதாவது குறைத்துக் கொடுத்த 3,500 ரூபாய்க்கும் சேவைக் கட்டணம் வாங்கி விருந்தினரிடம் 350 ரூபாய் கூட எடுத்திருக்கிறார். இந்த இரண்டும் வரிசைப் பிழைகள், ஒரு நாளில் திருத்தலாம். கூட்டலிலேயே பிழைத்து, எங்கே பிழைத்தோம் என்று தன் தாளில் தானே கண்டுபிடிக்க முடியாதவரிடம்தான் தயங்க வேண்டும். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த விடுதியாக இருந்தால், உங்கள் கணக்காளர் காட்டும் முறையில் அந்த வரியையும் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பில்லை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மூன்று முறை குறுக்கிடுங்கள். நான்காவது நிமிடத்தில் வீட்டார் ஒருவர் தொலைபேசியில் அழைத்து அறை விலை கேட்கட்டும். ஒன்பதாவது நிமிடத்தில் இன்னொருவர் வந்து ஆறாம் அறையின் திறப்பைக் கேட்கட்டும். பதின்மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் தொலைபேசி அடிக்கட்டும். யாரும் குரலை உயர்த்தக் கூடாது. நீங்கள் ஒரு பக்கமாக இருந்து நான்கு விடயங்களைப் பாருங்கள்: எழுந்திருக்கும் முன் தாளில் நிறுத்திய இடத்தைக் குறிக்கிறாரா, நிற்பவரைக் கண்டதும் "ஒரு நிமிடம் ஐயா, இந்த அழைப்பை முடித்துவிட்டு வருகிறேன்" என்பதுபோல ஒரு வசனமாவது சொல்கிறாரா, அழைத்தவரின் பெயரையும் இலக்கத்தையும் எழுதித் திருப்பி வாசித்து உறுதி செய்கிறாரா, திரும்பி உட்கார்ந்ததும் பாதிக் கூட்டலைத் தொடராமல் முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டுகிறாரா. நான்காவது பழக்கம் இருப்பவர் கொஞ்சம் மெதுவானவராகத் தெரிவார். அவரைத்தான் நான் எடுப்பேன். முகம் சிவப்பதையும் கை நடுங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டாம், புதிய இடத்தில் யாருக்கும் அது வரும்.

கடைசிப் பத்து நிமிடம் பேச்சு. விருந்தினராக நீங்களே எதிரில் இருந்து, முற்பணத்தை நேற்றே வங்கியில் போட்டுவிட்டதாக அமைதியாக ஆனால் விடாப்பிடியாகச் சொல்லி, கைபேசியில் சிட்டையின் படத்தைக் காட்டுங்கள். விடுதியின் கணக்கில் அந்தப் பணம் இல்லை என்று விண்ணப்பதாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இப்படி நடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: கணக்கு இலக்கத்தில் ஓர் எண் மாறியிருக்கலாம், பரிமாற்றம் இன்னும் முடியாமல் நிற்கலாம், அல்லது படத்தையே திருத்தியிருக்கலாம். மூன்றில் எது என்று முன்மேசையில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே விருந்தினரைக் கள்ளனாக்கவும் கூடாது, பணம் வந்ததாக எழுதவும் கூடாது. "உங்கள் சிட்டையின் இலக்கத்தை எழுதிக்கொள்கிறேன், பணம் எங்கள் கணக்கில் விழுந்ததும் பில்லில் கழித்துத் தருவேன், அதுவரை அறைக்குப் போய் ஆறுதலாக இருங்கள்" என்ற பொருளில் ஒருவர் பேசினால், அவர் வேலை விவரணத்தின் அந்த வரியை வாசித்து விளங்கியிருக்கிறார் என்று அர்த்தம். இதற்காக விவரணத்தைப் பரீட்சைக்கு முன்பே கையில் கொடுத்துப் பதினைந்து நிமிடம் வாசிக்க விடுங்கள்.

தேர்வானவரை ஒரு சனிக்கிழமை மாலைக் கடமைக்குச் சம்பளம் கொடுத்து அழையுங்கள், அன்று நீங்களும் விடுதியிலேயே இருங்கள். லாச்சியில் 10,000 ரூபாய் சில்லறைக் காசை இருவரும் எண்ணிக் கையொப்பமிட்டு ஆரம்பித்து, கடமை முடியும்போதும் அதேபோல எண்ணுங்கள். காசு குறைந்தால், பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எங்கே குறைந்தது என்று அவரே தேடிச் சொல்ல நேரம் கொடுங்கள்.