பிளெட்ஜ், ஹைப்போதிக்கேஷன், மார்ட்கேஜ்: சின்ன எண்ணெய் மில்லுக்கு எது?

கேள்வி: கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னதா தேங்காய் எண்ணெய் மில் போடுறேன். பேங்க்ல பிளெட்ஜ், ஹைப்போதிக்கேஷன், மார்ட்கேஜ்னு மூணு சொல்றாங்க. மூணுக்கும் என்ன வித்தியாசம், நமக்கு எது லாபம்?

பதில்:

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை உங்களுக்கு அநேகமாக வராது. மெஷினும் சரக்கும் ஹைப்போதிக்கேஷனில் போகும், இடமும் கட்டிடமும் மார்ட்கேஜில் போகும், பிளெட்ஜ் தனியாகக் கேட்டால்தான் பேச்சே எடுப்பார்கள். நானும் வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு எக்ஸ்பெல்லர் மில் நடத்துகிறேன், மூன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்த வரைக்கும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பொருள் யார் கையில் இருக்கிறது.

ஹைப்போதிக்கேஷனில் பொருள் உங்கள் கையிலேயே இருக்கும். கொப்பரை வாங்குவீர்கள், ஆட்டுவீர்கள், எண்ணெயை விற்பீர்கள், பேங்க் தடுக்காது. பேங்கின் உரிமை காகிதத்தில் மட்டும். அதனால்தான் மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சிசி, அதாவது சரக்கை வைத்து எடுத்து எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கணக்கு, அதன் லிமிட் 20 லட்சம் என்றால் 20 லட்சம் எடுக்கலாம் என்று நினைத்தேன். எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான், அதாவது அந்த மாதம் இருக்கும் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து பேங்க் போடும் தொகை.

ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கொப்பரை 14 லட்சம், எண்ணெயும் புண்ணாக்கும் 8 லட்சம், ஆக சரக்கு 22 லட்சம். அதில் 7 லட்சத்துக்கு கொப்பரைக்காரருக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் அது உங்கள் சரக்கே அல்ல என்பது பேங்க் கணக்கு, கழித்துவிடுவார்கள். மீதி 15 லட்சத்தில் நம் பங்காக பேங்க் ஒதுக்கும் 25 சதவீதம் மார்ஜின் போனால் 11.25 லட்சம். கடைக்காரர்கள் தர வேண்டியது 8 லட்சம், அதில் 90 நாள் தாண்டிய 2 லட்சம் சேராது. மீதி 6 லட்சத்தில் 40 சதவீதம் மார்ஜின் எடுத்தால் 3.6 லட்சம். மொத்தம் 14.85 லட்சம். லிமிட் 20 ஆக இருந்தாலும் அந்த மாதம் உங்கள் கைக்கு எட்டுவது இவ்வளவுதான். (மார்ஜின் சதவீதம் பேங்குக்குப் பேங்க் மாறும், சாங்ஷன் லெட்டரில் இருக்கும், படித்துவிடுங்கள்.)

எனக்கு நடந்தது இதைவிடக் கேவலம். ஒரு மாதம் பண்டிகை வேலையில் ஸ்டேட்மென்ட் கொடுக்க மறந்துவிட்டேன், பழைய டிராயிங் பவர் காலாவதியாகி, பல்லடத்துக் கொப்பரை வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தது. குடோன் நிறைய சரக்கு இருந்தும் செக் பவுன்ஸ். அவரிடம் மறுபடி கடனுக்கு வாங்க ஆறு மாதம் ஆனது.

விலை விழுந்தால் வாங்கிய விலையில் சரக்கு காட்டாதீர்கள், அன்றைய சந்தை விலையைப் போடுங்கள், எது குறைவோ அதுதான் செல்லும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் மூட்டையை எண்ணி, ஓரிரண்டு மூட்டையைப் பிரித்துக் கொப்பரையை ஒடித்துப் பார்ப்பார். இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டியிருந்தால் அது கடன் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டி மோசடிப் புகாராகிவிடும்.

சரி, பிளெட்ஜ். நகைக் கடனைச் சரக்குக்குச் செய்தால் அதுதான். குடோனுக்கு பேங்க் பூட்டு, சாவி பேங்கிடம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 172-ஆம் பிரிவே பொருளை ஒப்படைத்தால்தான் அடகு என்கிறது. சீசனில் கொப்பரை விலை இறங்கும்போது வாங்கிப் போட்டு வைக்க இது நல்லது. 20 டன், கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் 30 லட்சம், 30 சதவீதம் மார்ஜின் போக 21 லட்சம் கிடைக்கும். ஆனால் 2 டன் வெளியே எடுக்க வேண்டும் என்றால் முதலில் 2.1 லட்சம் கட்ட வேண்டும், அப்புறம்தான் டெலிவரி ஆர்டர், அப்புறம்தான் பேங்க் ஆள் வந்து பூட்டைத் திறப்பார். ஒரு நாளைக்கு ஒரு டன் ஆட்டுகிற மில்லுக்கு இது சரிப்படாது, தினமும் சாவிக்காக நிற்க முடியாது. அதனால் ஆட்டுகிற சரக்கை ஹைப்போதிக்கேஷனில் விட்டுவிட்டு, நான்கு மாதத்துக்கு அசையாத சரக்கை மட்டும் தனி குடோனில் பிளெட்ஜ் செய்யுங்கள். இன்னொன்று, கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் எடை குறையும். பூட்டின பிறகு நீங்கள் நினைத்தபோது புகுந்து கிளறிக் காயவைக்க முடியாது, எடை குறைவும் உங்கள் தலையில்தான் விழும். உள்ளே போடும்போதே ஈரம் பார்த்து எழுதி வாங்குங்கள்.

பேங்குக்கு இது பிடிக்கக் காரணம் உண்டு. சரக்கு கையில் இருப்பதால் தவணை தவறினால் நியாயமான நோட்டீஸ் கொடுத்து நேரடியாக விற்றுவிடலாம், 176-ஆம் பிரிவு. அதனால்தான் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் பொருளைப் பிடித்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம்கூட இந்த வகை அடகுக்குப் பொருந்தாது, பேங்குக்கு அதன் தேவையே இல்லை. ஹைப்போதிக்கேஷனிலும் மார்ட்கேஜிலும் அந்தச் சட்டப்படி பொருளைப் பிடிக்க வேண்டும் என்றால், கணக்கு என்பிஏ, அதாவது வாராக் கடன், ஆன பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த 60 நாள் உங்களுக்குக் கிடைக்கும் பேச்சுவார்த்தை நேரம்.

மார்ட்கேஜில் நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒரு சொல். தமிழில் ‘நிலம்’ என்றால் எந்த இடமும்தான். கேரள வரிப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல் வயல், மில் கட்டத் தக்கது ‘புரயிடம்’. எங்கள் மாமா ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், ‘நிலம்’ என்று இருந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இருபது வருடமாகத் தென்னை நிற்கிறது, யார் கேட்பார்கள் என்று விட்டுவிட்டார். பேங்க் வக்கீல் ஒரு பார்வையில் திருப்பி அனுப்பினார். விவசாய நிலத்தை சர்ஃபேசியில் விற்க முடியாது, 2008 நெல்வயல் சட்டம் வேறு இருக்கிறது, அவர்களுக்கு அது வெற்றுக் காகிதம். அதனால் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆதாரம், முன் ஆதாரம், கர ரசீது, கைவசச் சான்று நான்கிலும் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆதாரத்தை ஒப்படைத்து வைக்கும் மார்ட்கேஜை அரசு அறிவித்த நகரத்தில்தான் செய்ய முடியும், சொத்து எங்கே இருந்தாலும். எங்களைக் கிளையில் முடிக்காமல் பாலக்காட்டுக்கு வரச் சொன்னது அதனால்தான், சும்மா அலைக்கழிக்கிறார்கள் என்று அன்று கோபப்பட்டேன். கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள்: இந்த ஆதாரம் டேர்ம் லோனுக்கு மட்டுமா, சிசிக்கும் சேர்த்தா? பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அப்படியானால் மெஷின் கடனை ஐந்து வருடத்தில் அடைத்தாலும், சிசி ஓடிக்கொண்டிருக்கும் வரை ஆதாரம் பேங்க் பெட்டியிலேயே இருக்கும்.