சிராய்ப்புக்கெல்லாம் டி.டி. ஊசி வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம். போன வாரம் வாசலில் ஓடும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். தாடையின் அடியில் சிறு வெட்டு. மாமியார் காபித் தூளை வைத்து அழுத்தினார், ரத்தம் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து மூன்றரை மாதம் வரைக்குமான தடுப்பூசிகள் போட்டிருக்கிறோம். டி.டி. ஊசியும் தையலும் போடாமல் விட்டது தவறா, டாக்டர்?

பதில்: ஊசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அம்மா. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே ரணஜன்னிக்கான தடுப்பும் இருக்கிறது. மூன்று தவணையும் முடிந்த குழந்தைக்கு, கடைசித் தவணை போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகாதவரை, மண் ஒட்டிய காயத்துக்குக்கூட மறுபடியும் ஊசி தேவையில்லை. ஆனால் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்கத் தவணை உங்கள் அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். தவணைகள் விடுபட்ட குழந்தை என்றால் நிலைமை வேறு. அதற்குக் காயம்பட்ட அன்றே தடுப்பூசி வேண்டும். மண்ணோ சாணியோ பட்ட காயம், ஆணி குத்திய ஆழமான காயம் என்றால் நோய் எதிர்ப்புப் புரதம் அடங்கிய இன்னோர் ஊசியும் சேர்த்துப் போடுவோம்.

காபித் தூளைத்தான் இனி தொடவே வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ரத்தத்தை நிறுத்தியது தூள் அல்ல, அவர் கை கொடுத்த அழுத்தம். தூள் சதையில் ஒட்டிக்கொண்டால் கிருமிக்கு இடமாகும். காயம் எவ்வளவு ஆழம் என்று எங்களாலும் பார்க்க முடியாது. அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை துடித்துப்போகும்.

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு குழாய்த் தண்ணீரை ஐந்து நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்புப் போடுங்கள். ஸ்பிரிட்டும் கலக்காத டெட்டாலும் புதுச் சதையைக் கெடுக்கும். சிராய்ப்பில் மணல் தங்கினால் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து எடுங்கள். விட்டுவிட்டால் பச்சை குத்தியதுபோல் கறுப்புப் புள்ளியாகவே நின்றுவிடும். மேலே வாஸலினை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத காஸ் துணியால் மூடி, தினமும் மாற்றுங்கள். காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பது உண்மையல்ல. ஈரப்பதத்தோடு மூடிய காயம்தான் வேகமாக ஆறும்.

தாடை வெட்டு இந்நேரம் மூடியிருக்கும், இனித் தையல் போட முடியாது. அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியது இதுதான்: குழந்தை அசையாமல் இருக்கும்போதும் வெட்டின் இரு ஓரங்களும் விலகி நின்றதா, உள்ளே மஞ்சள் கொழுப்பு தெரிந்ததா, பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் வழிந்ததா. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். உதட்டு ஓரத்தைத் தாண்டிய வெட்டு சிறியதானாலும் காட்டிவிடுங்கள்.

தாடை அடிபட்டு விழுந்த குழந்தைக்குக் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டிலும் எலும்பு விரிசல் வரலாம். வெளிக் காயம் ஆறிய பிறகும் உங்கள் மகன் வாயை முழுவதும் திறக்காமல் இருந்தாலோ, மெல்லும்போது அழுதாலோ, கீழ்த்தாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.