கடனுக்கும் பீட்டா இருந்தால் பங்கின் பீட்டா எவ்வளவு?

"சொத்து பீட்டா 0.9, கடன்/பங்கு விகிதம் 1.5. வழக்கமான சூத்திரத்தில் பங்கு பீட்டா 2.25 வருகிறது. கடன் பத்திரத்தின் ஈட்டு விகிதம் 8.5%, அபாயமற்ற வட்டி 5%. 2.25 மிக அதிகமாகத் தெரிகிறதே?"

ஆமாம், அதிகம்தான். அந்தச் சூத்திரம் கடனின் பீட்டாவைச் சுழியம் என்று எடுத்துக்கொள்கிறது. 3.5% கூடுதல் வட்டி கேட்கும் கடன் கொடுத்தவர்கள் சந்தை அபாயத்தில் ஒரு பகுதியைச் சுமக்கிறார்கள். அந்த அளவு பங்குதாரர் தலையில் குறையும். வரியை ஒதுக்கிவிட்டு, பங்கு, சொத்து, கடன் ஆகியவற்றின் பீட்டாவை முறையே βE, βA, βD என்று எழுதினால்:

```
βE = βA + (βA − βD) × D/E
```

சரி, βD எவ்வளவு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 3.5 முழுவதையும் சந்தை அபாய மிகையால் (5% என்று வைப்போம்) வகுத்தால் 0.7 வரும், பங்கு பீட்டா 1.2 ஆகச் சரிந்துவிடும். ஆனால் 8.5% என்பது தருவதாக ஒப்புக்கொண்ட வட்டி, எதிர்பார்க்கும் வருமானம் அல்ல. ஆண்டுக்குத் திவால் வாய்ப்பு 4%, அப்போது பாதிப் பணம் போகும் என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 2%. மீதி 1.5 தான் அபாயத்துக்கான கூலி. 1.5/5 = 0.3.

```
0.9 + (0.9 − 0.3) × 1.5 = 1.8
```

சரிபார்க்க: 0.4 × 1.8 + 0.6 × 0.3 = 0.9. சொத்து பீட்டா அப்படியே திரும்பி வருகிறது.

அப்புறம் ஒன்று, அந்த 0.9 ஒத்த நிறுவனங்களின் பங்கு பீட்டாவிலிருந்து பிரித்தெடுத்ததா? அப்படியானால் அங்கேயும் அவர்கள் கடனின் பீட்டாவைச் சேர்த்தே பிரியுங்கள். அங்கே சுழியம், இங்கே 0.3 என்று கலந்தால் விடை கெட்டுவிடும்.