குந்தினால் பின்னால் சாய்வது: கணுக்காலா, இடுப்பா?

கேள்வி: எனக்கு 34 வயது. தரைக் கழிப்பறையில் உட்கார்ந்தால் என் குதிகால் தரையில் படுவதில்லை. வலிய அழுத்தி வைத்தால் பின்னால் சாய்ந்துவிடுகிறேன். முழங்காலில் வலி இல்லை, உடல் பருமனும் இல்லை. என்ன காரணம்? சரிசெய்ய முடியுமா?

நான் இயன்முறை சிகிச்சையாளர். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் விடையை நான் உண்மையில் கற்றுக்கொண்டது, 41 வயதில் படிக்கட்டில் வழுக்கி வலது கணுக்காலை முறித்துக்கொண்ட பிறகுதான். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துச் சில வாரங்களில் நன்றாக நடந்தேன். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் தரைக் கழிப்பறைக்குள் போனேன். பாதி இறங்கியதுமே வலது குதிகால் தானாக மேலே எழும்பியது. அதைக் கீழே அழுத்தினேன். அடுத்த நொடி முதுகு பின்னால் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயைப் பிடித்ததால் பிழைத்தேன். முழங்காலுக்கும் எதுவும் ஆகவில்லை, இடுப்புக்கும் எதுவும் ஆகவில்லை. கணுக்கால் மட்டும் குறைவாக மடங்கியது. அதற்கே இந்த நிலை.

ஏன் அப்படி என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். குதிகால் தரையில் பட முழுவதுமாகக் குந்தும்போது முழங்கால் 150 டிகிரிக்கு மேல் மடங்குகிறது. கணுக்காலில் கீழ்க்கால் முன்பக்கமாக ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரி சாய்கிறது. கீழ்க்கால் 40 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 35 டிகிரி சாய்ந்தால் முழங்கால் கணுக்காலைவிட 23 செ.மீ. முன்னால் வந்து நிற்கும். 20 டிகிரி மட்டுமே சாய்ந்தால் 14 செ.மீ. கூட வராது. முழங்கால் 9 செ.மீ. பின்தங்கினால், அதில் தொங்கும் தொடையும் இடுப்பும் அதே அளவு பின்னால் தள்ளப்படும். கணுக்காலுக்குப் பின்னால் பாதம் நீட்டிக்கொண்டிருப்பது ஐந்தாறு செ.மீ. மட்டுமே. உடலின் எடைக்கோடு அதைத் தாண்டியதும் விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

விழாமல் இருக்க உடல் தானாகச் சில தந்திரங்கள் செய்கிறது. குதிகாலைத் தூக்குவது ஒன்று. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, உள்வளைவைத் தரையோடு அமுக்கிவிடுவது இன்னொன்று. இதில் முழங்கால் உள்ளே விழும். கைகளை முன்னால் நீட்டுவதும், நெஞ்சைத் தொடைமேல் போட்டுக் குனிவதும் அதே வேலைதான். நீங்கள் குதிகாலைத் தூக்குகிறீர்கள். வெறும் உடற்பயிற்சி என்றால் அதில் பெரிய குற்றமில்லை. ஈரமான கழிப்பறையில் விரல் நுனியில் நிற்பதுதான் சிக்கல். கெண்டைக்கால் விறைத்துக்கொள்ளும், தொடை நடுங்கும், உடல் முழுவதும் சமநிலையைக் காப்பதிலேயே குறியாக இருக்கும். குந்தும்போது மலக்குடல் வளைவு நிமிர்வது நல்லதுதான். ஆனால் தளர்ந்து உட்கார முடியாவிட்டால் அந்தப் பயன் குறைந்துவிடுகிறது.

இப்போது இடுப்புக்கு வருவோம், ஏனென்றால் இடுப்பு மூட்டு மடங்க மறுத்தாலும் இதே போலப் பின்னால்தான் சாய்வீர்கள். தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள கோணம் சுருங்காவிட்டால் மேலுடலை முன்னால் கொண்டுவர முடியாது. எடை பின்னாலேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணுக்காலில் குறை இருக்க இடுப்புக்கும், இடுப்பில் குறை இருக்கக் கெண்டைக்காலுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி செய்து சலித்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

நான்கு செ.மீ. கனமுள்ள, வழுக்காத ஒரு பலகையை இரண்டு குதிகாலுக்கும் கீழே வைத்து, உலர்ந்த தரையில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிடிமானத்தோடு குந்திப் பாருங்கள். பாதம் 12 டிகிரி அளவுக்கு முன்பக்கம் சரிந்துவிடுவதால், கணுக்காலிலிருந்து கேட்கப்படும் மடக்கம் அந்த அளவு குறைகிறது. பலகையோடு சுலபமாக உட்கார முடிகிறது, எடுத்தால் முடியவில்லை என்றால் குறை கணுக்காலில்தான். பலகை வைத்தும் பின்னால் சாய்ந்தால், அல்லது தொடையிடுக்கில் கிள்ளுவது போல வலித்தால், மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி இழுங்கள். அங்கேயும் தடுத்தால் இடுப்பைப் பார்க்க வேண்டும்.

கணுக்கால் என்று தெரிந்தால் எவ்வளவு குறை என்பதை அளந்துவிடுங்கள். சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரைக்கும் பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய், கடைசியாகத் தொட்ட இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே அளவெடுங்கள். ஒரு செ.மீ. என்பது சுமார் மூன்றரை டிகிரி. என் இடது காலில் 11 செ.மீ. இருந்தது. முறிந்த வலது காலில் 4. அதாவது வித்தியாசம் ஏறக்குறைய 25 டிகிரி! நடப்பதற்கு அவ்வளவு மடக்கம் தேவைப்படாததால் நடையில் எதுவும் தெரியவில்லை.

இந்தச் சோதனையை முழங்காலை மடக்கித்தான் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உண்டு. மேலே புடைத்துத் தெரிவது முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது. முழங்கால் மடங்கியதும் அது தளர்ந்துவிடும். அதற்கு உள்ளே இருக்கும் தட்டையான தசை முழங்காலைத் தாண்டுவதில்லை. குந்தும்போது இழுத்துப் பிடிப்பது அந்த உள்தசையும், குதிகால் தசைநாணும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும்தான். ஆகவே சுவரில் கை ஊன்றி, பின்காலை விறைப்பாக நீட்டிச் செய்யும் வழக்கமான கெண்டைக்கால் பயிற்சி இதற்குச் சரியான மருந்து அல்ல. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அளக்கும்போது எங்கே இறுகுகிறது என்பதையும் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் இழுத்தால் அது தசையும் நாணும். பொறுமையாகச் செய்தால் நீளும். கணுக்காலின் முன்பக்க மடிப்பில் எலும்போடு எலும்பு முட்டுவது போலக் குத்தினால், அங்கே எலும்பு வளர்ந்திருக்கலாம் அல்லது மூட்டு உறை நசுங்கலாம். அதன்மேல் எடை போட்டு அழுத்தினால் வீக்கம்தான் மிஞ்சும். எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த இடத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி: வாழ்நாளெல்லாம் குந்தி உட்கார்ந்தவர்களின் எலும்புகளில், கீழ்க்கால் எலும்பும் அதன் கீழுள்ள எலும்பும் முன்பக்கம் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சிறிய மழமழப்பான தடங்கள் தென்படும். பழைய எலும்புக்கூடுகளை ஆராய்பவர்கள் அவற்றைத் தேடிப் பார்ப்பார்கள்.

நான் செய்த பயிற்சி மிகச் சாதாரணமானது. சுவர்ச் சோதனையையே பயிற்சியாக்கினேன்: குதிகால் பதிந்திருக்க, முழங்காலை இரண்டாவது விரலுக்கு நேராகச் சுவரை நோக்கித் தள்ளி 30 நொடி நிறுத்துவது, காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை. முழங்கால் உள்ளே சரிந்தால் பாதம் ஏமாற்றுகிறது என்று பொருள். அந்த முறையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன்பின் உறுதியான ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலுக்குக் கீழே பலகையோடு குந்தி, ஒரு நிமிடம் அப்படியே இருப்பேன். முதலில் 4 செ.மீ. பலகை. அதில் கம்பியை விட முடிந்ததும் 2.5 செ.மீ. பலகைக்கு மாறினேன், பிறகு 1 செ.மீ. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் மூன்று வாரம் சுவர் அளவு 6 செ.மீ.யைத் தாண்டவே இல்லை. மற்றவர்களுக்குப் பொறுமையைப் போதிக்கிற நானே எரிச்சலில் ஒரு நாள் அதிகமாக அழுத்தி, மறுநாள் நொண்டினேன். ஐந்தாம் மாத முடிவில் 8.5 செ.மீ. வந்தது. அன்றுதான் பலகை இல்லாமல் இரண்டு குதிகாலும் தரையில் பட்டன.

இடுப்புதான் காரணம் என்றால் கதை வேறு. என்னிடம் வந்த ஓர் இளைஞர் ஒரு வருடமாகக் கெண்டைக்காலை இழுத்துக்கொண்டிருந்தார். சுவரில் அளந்தால் 13 செ.மீ.; என் நல்ல காலைவிட அதிகம். மல்லாந்து படுக்க வைத்து முழங்காலை நேராக நெஞ்சுக்கு இழுத்தேன். 95 டிகிரியிலேயே தொடையிடுக்கில் கிள்ளியது. அதே முழங்காலை அக்குள் பக்கமாக விலக்கி இழுத்தபோது வலியில்லாமல் 115 வரை போனது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்தில் ஒரு மேடு தெரிந்தது. நேராக மடக்கும்போது அது இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் முட்டுகிறது. எலும்பு முட்டும் இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் வழி பிறக்காது. விளிம்பு தேயும், அவ்வளவுதான். பாதங்களை அகட்டி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்கால்களை விரித்துக் குந்தச் சொன்னேன். வெட்டவெளியில் அவரால் நன்றாக உட்கார முடிந்தது. கழிப்பறையில்தான் தகராறு, ஏனென்றால் அங்கே கால் வைக்கும் மேடைகள் பாதத்தின் இடைவெளியையும் திசையையும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன. மேடையின் வெளி ஓரத்தில் பாதத்தை வைத்து, முழங்காலை மட்டும் விரித்துச் சமாளிக்கிறார். நீண்ட நேரம் உட்காருவதில்லை.

நீண்ட நேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: குந்தியிருக்கும்போது பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போனால் உடனே எழுந்துவிடுங்கள். முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுத்தப்படுகிறது. அதை மணிக்கணக்கில் அழுத்தி, பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர்களும் உண்டு.

உங்கள் விஷயத்தில், முழங்கால் வலி இல்லை, குதிகால் எழும்புகிறது என்று சொல்வதைப் பார்த்தால் கணுக்காலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பலகையை வைத்துப் பாருங்கள், பிறகு இரண்டு காலையும் அளந்து எண்களை இங்கே எழுதுங்கள். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் நாற்காலி வாழ்க்கையில் இறுகிய தசைதான். ஒரு கால் மட்டும் குறைந்திருந்தால் எப்போதாவது அந்தக் கணுக்கால் பிசகியதா என்று யோசித்துப் பாருங்கள். என் வலது கால் 8.5 செ.மீ.யோடு நின்றுவிட்டது. இன்றும் குந்தும்போது அந்தப் பாதத்தை விரலளவு வெளிப்பக்கம் திருப்பித்தான் வைக்கிறேன்.