நோன்பில் அத்தர், ஜும்ஆவுக்கு அத்தர்: பாட்டிலில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நோன்பு வைத்துக்கொண்டு சென்ட் போடலாமா? ஜும்ஆவுக்குப் போட்டுக்கொள்ள ஆல்கஹால் இல்லாததை எப்படிப் பார்த்து வாங்குவது? பாட்டிலில் 'நோ கேஸ்' என்று போட்டிருந்தால் போதுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் கடையில் அதிகம் பேர் ஏமாந்து வருவது அதில்தான். 'நோ கேஸ்' என்பதற்கும் ஆல்கஹாலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சாதாரண டியோவில் வாசனையை வெளியே தள்ளுவதற்கு பியூட்டேன், புரொப்பேன் மாதிரி வாயுவை அடைத்திருப்பார்கள். 'நோ கேஸ்' பாட்டிலில் அந்த வாயு கிடையாது, கையால் அழுத்துகிற பம்ப் மட்டும் இருக்கும். வாயு இருந்த இடமும் சேர்த்து வாசனைத் திரவமே நிறைந்திருப்பதால்தான் அது ரொம்ப நாள் வரும் என்று விற்கிறார்கள். அந்தத் திரவத்தில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். ஆல்கஹாலைத் தவிர்க்க நினைத்து அதை வாங்குகிறவர், விட்டு வந்ததையே தேடிப் போய் வாங்குகிறார்.

போன ரமலானுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு தம்பி அப்படி ஒரு பாட்டிலோடு வந்தார். மாமனாருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அவர் ஒரு தடவை கையில் அடித்துப் பார்த்துவிட்டு, கழுவிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு ஊர்வது மாதிரி இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினேன். எத்தில் ஆல்கஹால், பக்கத்தில் சதவீதம், அதற்குப் பக்கத்தில் 'டினேச்சர்டு' என்ற வார்த்தை. குடிக்க முடியாதபடி கசப்போ வேறு மருந்தோ கலந்த ஆல்கஹால் என்று அர்த்தம்.

"குடிக்கத்தான் முடியாதே பாய், அப்புறம் பூசினால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் பதில் உங்கள் மத்ஹபைப் பொறுத்தது. ஷாஃபி மத்ஹபில் போதை தரும் திரவம் எதுவானாலும் நஜீஸ். அது சட்டையில் பட்டால் அந்தச் சட்டையோடு தொழுவதே பிரச்சினையாகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். அந்த மாமனாரும் அந்தப் பக்கம்தான். ஹனஃபிகளில் இன்றைய ஆலிம்கள் பலர், இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்தை வைத்து, திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் எடுக்காத ஆல்கஹாலை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். நம் நாட்டில் சென்டுக்குப் போகும் ஆல்கஹால் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலோ தானியத்திலோ காய்ச்சியது. அதனால் ஒரே பாட்டில் மருமகனுக்குச் சரி, மாமனாருக்குச் சரியில்லை என்று ஆகலாம். பரிசு வாங்கும்போது போடப்போகிறவரின் மத்ஹபைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி ஹஜ்ரத்தைக் கேளுங்கள், நான் அத்தர் வியாபாரி, முஃப்தி இல்லை.

லேபிளில் பார்க்க வேண்டிய பெயர்கள் கொஞ்சம்தான். ஆல்கஹால், எத்தில் ஆல்கஹால், எத்தனால், ஆல்கஹால் டினாட், எஸ்.டி. ஆல்கஹால் என்ற ஐந்தும் நீங்கள் தவிர்க்க நினைக்கிற அதே பொருள். ஆனால் செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்று கிரீமில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அவை மெழுகு மாதிரி கட்டியாக இருக்கும் கொழுப்புப் பொருட்கள். பெயரில்தான் ஆல்கஹால், போதைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ரோஜாவின் மணத்திலேயே பினைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள் இயற்கையாக இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தால் ரோஜாப் பூவையே ஒதுக்க வேண்டியதாகிவிடும்.

சரி, அத்தர் என்று வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? முக்கால்வாசி தீர்ந்தது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செய்யும் பழைய முறையில் பூவையும் தண்ணீரையும் செப்புப் பானையில் போட்டு வாயை மண்ணால் அடைத்துக் காய்ச்சுவார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்த இன்னொரு செப்புப் பாத்திரத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் இறங்கும். ஆல்கஹாலுக்கு இதில் வேலையே இல்லை. ஆனால் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிப் போனபின், சாதாரண விலைக்கு விற்கும் அத்தரில் சந்தனத்துக்குப் பதில் பாரஃபின் எண்ணெயோ வேறு கரைப்பானோதான் இருக்கிறது. அவற்றில் போதைப் பொருள் இல்லை. என் கவலை அடுத்த கட்டம்தான். பாகு மாதிரி கெட்டியான அத்தரை ரோல்-ஆன் உருண்டையில் சுலபமாக ஓட வைக்க, சிலர் கொஞ்சம் ஸ்பிரிட்டைக் கலந்துவிடுகிறார்கள். லேபிளே இல்லாத பாட்டிலில் அதை எங்கே படிப்பது?

கையும் மூக்கும்தான் வழி. புறங்கையில் ஒரு சொட்டு வைத்து, தேய்க்காமல் இருபது எண்ணுங்கள். ஆல்கஹால் என்றால் வைத்த இடம் ஜில்லென்று இருக்கும், எண்ணி முடிப்பதற்குள் ஈரம் காணாமல் போகும். எண்ணெய் என்றால் குளிராது, சொட்டு அப்படியே மினுமினுவென்று உட்கார்ந்திருக்கும். அடுத்து, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். எண்ணெய் அத்தர் மேலே வட்டமாக மிதக்கும், அல்லது முத்து மாதிரி அடியில் போய் உட்காரும். ஆல்கஹால் சென்ட் விழுந்த இடத்தில் பால் கலங்கியது மாதிரி வெள்ளையாகப் பரவும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று மாட்டும்: கொஞ்சம் கலங்கி, மிச்சம் மிதக்கும். அப்படி வந்தால் நான் சந்தேகப்படுவேன். ஆனால் அதை வைத்து யாரையும் திருடன் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் தண்ணீரில் கரையும் கிளைக்கால் வகைக் கரைப்பான்களும் கலங்கலாம். அப்போது மூக்கிடம் கேட்க வேண்டும். மூடியைத் திறந்த முதல் நொடியில் ஊசி போடுவதற்கு முன் தடவும் பஞ்சு வாசனை 'சுர்' என்று ஏறினால் ஸ்பிரிட் இருக்கிறது, அந்தப் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துளி கலந்திருந்தால் இந்த மூன்றிலும் பிடிபடாமல் போகலாம், அதனால்தான் தெரிந்த கடையில் வாங்கச் சொல்கிறேன்.

ஸ்பிரேதான் வேண்டும் என்பவர்களுக்குத் தண்ணீரில் செய்தது கிடைக்கிறது. குலுக்கினால் சோப்பு நுரை மாதிரி வரும், எண்ணெயைத் தண்ணீரில் கரைக்க ஒரு பொருள் சேர்ப்பதால் அந்த நுரை. மணம் ஆல்கஹால் சென்ட் மாதிரி வீச்சாகப் பரவாது, சீக்கிரமும் அடங்கிவிடும். எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இனி நோன்பு. மேலே பூசிய வாசனையால் நோன்பு முறியாது, இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பகலில் பூசுவது நல்லதா என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபிகளுக்குத் தடை இல்லை. ஷாஃபியில் நோன்பாளி பகலில் பூவை முகர்வதையும் நறுமணம் பூசுவதையும் விட்டுவிடுவது சிறந்தது என்பார்கள். அப்படியென்றால் ரமலான் வெள்ளிக்கிழமை என்ன செய்வது? ஜும்ஆவுக்குக் குளித்து, எண்ணெய் தேய்த்து, வீட்டில் இருக்கும் நறுமணம் பூசிப் போவதன் சிறப்பைச் சொல்லும் ஹதீஸ் புகாரியிலேயே இருக்கிறதே.

எங்கள் வாப்பா செய்ததையே நானும் செய்கிறேன். வெள்ளி அதிகாலை சஹர் சாப்பிட்டுக் கை கழுவியதும், பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பு அத்தர் போட்டுவிடுவது. ரோல்-ஆனில் ஒரு இழுப்பு, இரண்டு மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும். தாடி இருந்தால் உள்ளங்கையில் மிச்சம் இருப்பதை அதில் தடவலாம். எண்ணெய் அத்தர் தோலில் ஆறேழு மணி நேரம் தாங்கும், பருத்தித் துணியில் இன்னும் கூடுதலாகவே நிற்கும். அதனால் பள்ளிக்குப் போட்டுப்போகும் பனியனின் உள்பக்கக் கழுத்தில் ஒரு புள்ளி வைத்து மடித்து வைத்துவிடுவேன். மதியம் ஒரு மணிக்கு அதைப் போடும்போது மணம் மெலிதாக இருக்கும், பகலில் புதிதாகப் பூச வேண்டியதும் இல்லை. வெள்ளைச் சட்டையின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். கறுப்பு ஊது ஒரு சொட்டு, என் கல்யாணச் சட்டையில் இன்றும் மஞ்சள் வட்டமாக இருக்கிறது.

எந்த அத்தர் என்பதும் முக்கியம். வெறும் வயிற்றில் மூக்கு கூர்மையாகிவிடும். சாதாரண நாளில் பிடித்த அம்பரும் கஸ்தூரிக் கலவையும் நோன்பு மதியத்தில் தலைவலியையும் குமட்டலையும் கொண்டுவரும். பக்கத்தில் நிற்கிறவருக்கும் அதேதான், அதுவும் ஜன்னல் மூடி ஏசி போட்ட தராவீஹ் ஸஃபில் கேட்கவே வேண்டாம். அந்த மாமனாருக்கு நான் கொடுத்து அனுப்பியது வெட்டிவேர் அத்தர், மூன்று மில்லி. மழை விழுந்த மண் மாதிரி அடங்கிய மணம், உடம்புக்குக் குளுமையாகத் தோன்றும். தாழம்பூவும் ரோஜாவும் இதே ரகம். ஒருவேளைக்கு இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் தேவைப்படாது, மாதம் முழுக்க வெள்ளிக்கிழமைகளுக்குப் போட்டாலும் அந்தக் குட்டி பாட்டிலில் மிச்சம் இருக்கும்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருப்பவர்களும் சாம்பிராணியில் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். நோன்பில் அத்தரைவிடக் கவனிக்க வேண்டியது புகையைத்தான். அறையில் தானாகப் பரவி வரும் புகையால் ஒன்றும் இல்லை. ஊதுகட்டையையோ சாம்பிராணியையோ முகத்துக்கு நேரே பிடித்து வேண்டுமென்றே உள்ளே இழுத்தால், ஹனஃபி சட்டப்படி நோன்பு முறிந்துவிடும். புகை போடுகிற பழக்கம் இருக்கிற வீட்டில் அதை மக்ரிபுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பள்ளிவாசலில் சில பெரியவர்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவர் கையிலும் அத்தர் பூசிவிட்டுப் போவார்கள். அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். வேண்டாமென்றால் நெஞ்சில் கை வைத்து "நோன்பு, ஹஜ்ரத்" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விடுவார்.