நாலு நாள் வேலைக்குக் கையொப்பம் வைக்கலாமா?

“கிளிநொச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. வீடு முல்லைத்தீவுப் பக்கம், பஸ்ஸிலேயே பொழுது போகிறது. ஐந்து நாள் வேலையை நாலு நாளாக்கி, நாளுக்குப் பத்து மணித்தியாலம் செய்யலாம் என்கிறார் முகாமையாளர். கிழமைக்கு 40 மணித்தியாலம்தானே, ஓவர்டைம் கிடையாது என்று கடிதம் தந்திருக்கிறார். கையொப்பம் வைக்கலாமா?”

அந்த ஓவர்டைம் வரியோடு வைக்காதீர்கள், தம்பி.

முகாமையாளர் கிழமைக் கணக்கை மட்டும் பார்க்கிறார். உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்துவது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அது இரண்டு எல்லை போடுகிறது: கிழமைக்கு 45 மணித்தியாலம், நாளுக்கு 8 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. 45ஐத் தாண்டாவிட்டாலும் நாளுக்கு எட்டைத் தாண்டினால் மிகுதி ஓவர்டைம்தான். அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். நீங்களே சம்மதித்துக் கையொப்பம் வைத்தாலும் அந்த உரிமை போகாது.

உங்கள் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 240ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 250 ரூபாய், ஒன்றரை மடங்கு 375. நாளுக்கு இரண்டு மணித்தியாலப்படி நாலு நாளைக்கு எட்டு, அதாவது கிழமைக்கு 3,000 ரூபாய். ஓவர்டைமுக்குக் கிழமைக்கு 12 மணித்தியால உச்சவரம்பும் உண்டு. எட்டு இப்படியே போய்விட்டால், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் அவசரத்துக்கு நாலுதான் மிஞ்சும்.

இதைச் சொன்னதும், “சரி, ஓவர்டைம் தாறம், அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பம்” என்று பதில் வரலாம். கைக்கு வரும் தொகை பெரிதாக மாறாததால் பலர் தலையாட்டிவிடுவார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான். ஓவர்டைம் காசுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படாது. அடிப்படையில் 10,000 குறைந்தால், உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் சேமலாபக் கணக்குக்குப் போகாமல் நின்றுவிடும். பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் அதுவும் குறையும். சம்பளத் துண்டில் அடிப்படைச் சம்பளம் என்ற வரியை மாதாமாதம் பாருங்கள்.

நாலு நாள்தான் வேண்டுமென்றால், நாளுக்கு எட்டுக்கு மேலான நேரம் ஓவர்டைம், அடிப்படைச் சம்பளம் மாறாது என்ற இரண்டையும் கடிதத்தில் எழுதக் கேளுங்கள். பத்து மணித்தியாலத்தோடு சாப்பாட்டு ஒரு மணித்தியாலமும் சேர, காலை ஏழுக்கு வந்தால் மாலை ஆறுக்குத்தான் வெளியே வருவீர்கள். அதற்குப் பிறகு உங்கள் பக்கம் பஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செலவைப் பார்த்து அவர்கள் மறுத்தால், ஐந்து நாளையும் காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை வைக்கக் கேட்டுப் பாருங்கள். எட்டு மணித்தியாலம் தாண்டாது, ஓவர்டைம் பேச்சும் வராது, நீங்களும் வெளிச்சத்தோடு பஸ் ஏறலாம். இதற்கும் இழுபறி என்றால், கடிதத்தின் பிரதியோடு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.