'ஹவ் டூ யூ டூ' என்றால் என்ன பதில் சொல்வது?

"முதல் இன்டர்வியூ. உள்ளே போனதும் கைகொடுத்து 'ஹவ் டூ யூ டூ' என்றார். 'ஐ ஆம் ஃபைன் சார்' என்றேன். அது தப்பு என்கிறான் நண்பன். ஏன் தப்பு? வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். இன்டர்வியூ எடுத்தவர் சொன்னதையே நீங்களும் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் 'ஹவ் டூ யூ டூ' என்றால் நீங்களும் 'ஹவ் டூ யூ டூ', அவ்வளவுதான். வணக்கத்துக்கு வணக்கம் சொல்கிற மாதிரி. இதற்காக வேலை போய்விடாது, கவலை வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 'ஃபைன்' என்று பதில் சொல்பவர்களே உண்டு.

பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த ஒரு வாக்கியத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. எழுதிப் பார்த்தால் கேள்விக்குறி இருக்கிறது, 'ஹவ்' என்று ஆரம்பிக்கிறது, அதனால் பதில் தேடுகிறோம். ஆனால் சொல்கிறவர் குரலைக் கவனியுங்கள். 'ஹவ்ஜு டூ' என்று முதல் மூன்று சொற்களும் ஒட்டிக்கொண்டு வேகமாக ஓடும். கடைசி 'டூ' மட்டும் அழுத்தமாக விழுந்து, குரல் கீழே இறங்கி நின்றுவிடும். பதிலுக்குக் காத்திருக்கிற குரல் அது இல்லை.

அந்தக் கடைசி 'டூ'வுக்கு 'செய்' என்று அர்த்தம் கொள்வதுதான் குழப்பத்தின் வேர். என் மாணவர் ஒருவர் 'ஐ ஆம் டூயிங் பி.காம்.' என்றே பதில் சொன்னார். அவர் காதில் விழுந்தது 'வாட் டூ யூ டூ', அதாவது 'என்ன வேலை பார்க்கிறீர்கள்' என்ற வேறு கேள்வி. இங்கே வரும் 'டூ' பழைய பொருளில் வருகிறது: இருப்பது, காலம் போவது. 'ஹி இஸ் டூயிங் வெல்' என்கிறோமே, அதே 'டூ'. ஒரு காலத்தில் உண்மையாகவே நலம் விசாரித்த வாக்கியம்தான். சொல்லிச் சொல்லித் தேய்ந்து, கேள்வி போய் வணக்கமாக நின்றுவிட்டது. இன்னும் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கர்களின் 'ஹவ்டி' சாட்சி. 'ஹவ் டூ யீ' என்ற பழைய விசாரிப்பு சுருங்கியதுதான் அது.

நம்மிடமும் இது உண்டு. பையோடு தெருவில் இறங்கினால் எதிர்வீட்டு அக்கா 'என்ன, தூரமா?' என்பார். 'இங்கதான், பக்கத்துல' என்போம். திருச்சிக்கே போனாலும் அதே பதில்தான். பஸ் நம்பர், போகிற காரியம் எல்லாம் யாரும் சொல்வதில்லை, அக்காவும் எதிர்பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் நின்று விலாவாரியாகப் பதில் சொன்னால் அக்கா எப்படி விழிப்பாரோ, 'ஹவ் டூ யூ டூ'வுக்குப் பதில் சொன்னால் அப்படித்தான் ஆங்கிலேயர் விழிப்பார்.

இன்னும் இரண்டு விஷயம். இதை முதல் சந்திப்பில், அறிமுகம் ஆகும் நேரத்தில், ஒரே ஒரு முறைதான் சொல்வார்கள். மறுநாள் அதே ஆளிடம் சொன்னால், நேற்று பார்த்ததையே மறந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். அடுத்தது, இது மிகவும் சம்பிரதாயமான பேச்சு. இங்கிலாந்திலேயே இப்போது அரிதாகத்தான் காதில் விழுகிறது. அந்த இடத்தை 'நைஸ் டு மீட் யூ' பிடித்துக்கொண்டது. அதற்கு 'நைஸ் டு மீட் யூ டூ' என்றால் போதும். அதுவும் முதல் சந்திப்புக்கு மட்டும்தான், அடுத்த முறை பார்க்கும்போது 'மீட்' போய் 'சீ' வந்துவிடும். எனவே நீங்களாக 'ஹவ் டூ யூ டூ' என்று ஆரம்பிக்க வேண்டாம். எதிரில் இருப்பவர் சொன்னால் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் போதும்.

தினமும் தேவைப்படுவது 'ஹவ் ஆர் யூ'தான். 'ஐ ஆம் ஃபைன்' இதற்கான பதில். இங்கே நம்மவர்கள் செய்யும் தவறு, பதில் சொன்னதோடு நின்றுவிடுவது. 'ஃபைன், தேங்க்ஸ்' என்று சொல்லி, உடனே 'ஹவ் ஆர் யூ?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பந்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்ட மாதிரி, பேச்சு அங்கேயே நின்றுவிடும். அழுத்தத்தையும் கவனியுங்கள். முதலில் கேட்பவர் 'ஆர்' மேல் அழுத்துவார். திருப்பிக் கேட்கும் நீங்கள் 'யூ' மேல் அழுத்த வேண்டும். 'நீங்க எப்படி இருக்கீங்க?' என்று நாம் 'நீங்க'வை இழுப்போமே, அதே இழுப்பு. என் வகுப்பில் இருவரை எதிரெதிரே நிற்கவைத்து இதை மட்டும் பத்து தடவை சொல்லச் சொல்வேன். இதில் பிடிபடுகிற ஓசை மற்ற வாக்கியங்களுக்கும் தானாகவே வரும்.

உடம்பு சரியில்லை என்றால் என்ன சொல்வது என்று கேட்பார்கள். வராந்தாவில் கடந்து போகிறவரிடம் 'நாட் பேட்' போதும். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதே 'ஹவ் ஆர் யூ' நிஜமான கேள்வி, அங்கே 'ஃபைன்' என்று மறைக்கக் கூடாது. கேட்பவர் நிற்கிறாரா, நடந்துகொண்டே இருக்கிறாரா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

என்னிடம் படித்த ஒரு நர்ஸ் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் போன் செய்தார். குரலே கம்மிவிட்டது. "மேடம், வார்டுல எல்லாரும் என்னைப் பார்த்து 'யூ ஆல்ரைட்?' 'யூ ஆல்ரைட்?'னே கேக்குறாங்க. என் மூஞ்சி அவ்ளோ வாடியா இருக்கு?" ஒருவரிடம் 'ஒய், வாட் ஹேப்பன்ட்?' என்று பயந்தே கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் அது வெறும் 'ஹலோ'. 'யெஸ், தேங்க்ஸ், யூ?' என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடலாம் என்றேன். நான் பாடம் எடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெண் ஊர் விட்டு ஊர் போய் ஒரு வாரம் கண்ணாடி பார்த்துக் கலங்கியிருக்கிறாள். அதன் பிறகு வெளிநாடு போகிற யாரையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

மற்றவை சின்னச் சின்னவை. 'குட் நைட்' விடைபெறும்போது மட்டும்தான், இரவு எட்டு மணிக்கு ஒருவரைப் பார்த்தாலும் 'குட் ஈவினிங்'தான். நன்றிக்கு 'மென்ஷன் நாட்' நம் நாட்டுக்கு வெளியே புரியாது, 'யூ ஆர் வெல்கம்' என்று சொல்லுங்கள். 'ஹேப்பி நியூ இயர்' என்றால் 'சேம் டு யூ' சரி. 'ஹேப்பி பர்த்டே' என்றால் 'தேங்க் யூ' மட்டும்தான், வாழ்த்தியவருக்கு அன்று பிறந்தநாள் இல்லையே.

அடுத்த இன்டர்வியூவில் அவர் கைநீட்டி 'ஹவ் டூ யூ டூ' என்றால், கண்ணைப் பார்த்து, குரலைக் கீழே இறக்கி, அதையே சொல்லுங்கள். 'சார்' சேர்ப்பதானால் ஒரு முறை போதும். பிறகு நாற்காலியைக் காட்டும் வரை நில்லுங்கள்.